மனு ரசீதும் பொலிஸ் என்ட்ரியும்

மகளிர் காவல் நிலையத்துக்குப் புகாரோடு போய்த் திரும்பும் பெண்ணின் கையில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரு சின்ன ரசீது இருக்கும். மேலே சி.எஸ்.ஆர். என்று போட்டு ஓர் எண், தேதி, நிலைய முத்திரை. கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டில் மனு ஏறிவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி. வழக்குப் பதிவானதற்கு அல்ல. எஃப்.ஐ.ஆர். வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் அந்தப் பெண்ணுக்குப் பல சமயம் மாதங்கள் கழித்துத்தான் தெரியவருகிறது. "கேஸ் குடுத்தாச்சு, ரசீது இருக்கு" என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். நிலையத்தின் கணக்கில் அங்கே கேஸ் எதுவும் இருக்காது.

பாக் நீரிணையின் அந்தப் பக்கம், வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ, இதே பெண் "பொலிசில என்ட்ரி போட்டாச்சு" என்பாள். அதுவும் புத்தகத்தில் ஏறிய ஒரு குறிப்புத்தான். எந்தப் புத்தகம் என்பதில்தான் அவள் தலையெழுத்து இருக்கிறது. இலங்கைப் பொலிஸ் நிலையத்தில் கடுங்குற்றங்களுக்கு ஒரு தகவல் புத்தகம், சிறுகுற்றங்களுக்கு வேறொரு புத்தகம். கணவன் அடித்தான் என்ற முறைப்பாடு இரண்டாவது புத்தகத்துக்குப் போனால் அதன் பயணமே வேறாகிவிடும்.

குடும்ப வன்முறை வெளியே வருவதில்லை என்று பேசும்போது, பெண்கள் வாய் திறப்பதில்லை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வாய் திறந்த பிறகும் புகார் தொலைகிறதே, அது எங்கே, எப்படித் தொலைகிறது என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அதைப் பார்க்க இந்த இரண்டு நாடுகளைவிட நல்ல ஜோடி கிடைக்காது. ஒரே பிரிட்டிஷ் அச்சில் வார்த்த தண்டனைச் சட்டங்கள்: இந்தியாவுடையது 1860, அதைப் பார்த்து எழுதிய இலங்கையுடையது 1883. குடும்ப வன்முறைக்கென்று தனிச் சட்டம் இரண்டு நாடாளுமன்றங்களிலும் நிறைவேறியது ஒரே ஆண்டில், 2005-இல். இரண்டிலும் புகார் சொல்லும் பெண் பேசுவது தமிழாக இருக்கலாம். இத்தனை ஒற்றுமைக்குப் பிறகும் புகார் தொலையும் இடம் மட்டும் வேறு வேறு.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம், இரண்டு மூன்று போதும். இந்தியாவின் ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21), திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களிடம் கணவனின் வன்முறையைப் பற்றிக் கேட்டது. அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38 விழுக்காடு. கேரளத்தில் பத்தில் ஒருவர். சரி, அப்படியானால் கணவன் கொடுமை என்ற தலைப்பில் காவல் துறை பதியும் வழக்குகளும் தமிழ்நாட்டில்தானே மிகுதியாக இருக்க வேண்டும்? நேர்மாறாக இருக்கிறது. மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பாதியளவுகூட எட்டாத கேரளம்தான் ஆண்டுதோறும் அதிக வழக்குகளைப் பதிகிறது. கேரளத்து ஆண்கள் மோசமானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. குறைந்த குற்றப் பதிவு குறைந்த குற்றத்தைக் காட்டுவதில்லை என்பதுதான் பொருள். வன்முறையை அனுபவித்த இந்தியப் பெண்களில் அதை நிறுத்த யாரிடமாவது உதவி கேட்டவர்களே 14 விழுக்காடுதான் என்கிறது அதே கணக்கெடுப்பு. கேட்டவர்களும் முதலில் போவது பிறந்த வீட்டுக்கு. காவல் நிலையம் வரிசையில் வெகு பின்னால் இருக்கிறது.

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019-இல் நடத்திய பெண்கள் நல ஆய்வில், துணைவனிடமிருந்து உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ வாழ்நாளில் ஒருமுறையாவது கண்டவர்கள் ஐவரில் ஒருவர். இரண்டு ஆய்வுகளும் கேட்ட கேள்விகள் ஒன்றல்ல. அதனால் இந்த 20-ஐயும் அந்த 38-ஐயும் பக்கத்தில் வைத்து எந்த நாடு மேல் என்று தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

இனி சட்டங்கள். பெயரிலேயே ஒரு வேறுபாடு உண்டு. இந்தியச் சட்டம் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாப்பது. 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையுடையது வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கம். முன்னது பெண்ணுக்கு மட்டும் உரியது. பின்னது ஆண், பெண் பாராமல் பாதிக்கப்பட்ட எவரும் நீதவானிடம் போகலாம் என்கிறது.

இந்தியச் சட்டம் வன்முறைக்கு நான்கு முகங்கள் சொல்கிறது: உடல், பாலியல், வாய்மொழியும் மனமும் சேர்ந்த ஒன்று, பொருளாதாரம். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அரிசி வாங்கப் பணம் தராமல் இருப்பதும்கூட அங்கே வன்முறை. இலங்கைச் சட்டம் இறுக்கமானது. தண்டனைச் சட்டக்கோவையில் ஏற்கெனவே குற்றமாக இருப்பவை, குறிப்பாக உடலுக்கு எதிரான குற்றங்கள், மிரட்டிப் பறித்தல், அச்சுறுத்தல் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் வைத்து, அவற்றோடு கடுமையான மனரீதித் துன்புறுத்தலை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. பொருளாதார வன்முறை என்ற தலைப்பு அதில் இல்லை. பாலியல் வன்முறையும் அட்டவணை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் அந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை மனைவி மீதான வல்லுறவைக் குற்றமாகப் பார்ப்பது, இருவரும் நீதிமன்றத்தின் மூலம் சட்டப்படி பிரிந்து வாழும்போது மட்டுமே. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இந்தியாவிலும் அது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்க அதுவே போதிய காரணம். சிறைக்கு அனுப்ப முடியாத ஒன்றை வைத்து அவனை வீட்டுக்கு வெளியே நிறுத்த முடியும். விசித்திரமான ஏற்பாடுதான், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

இன்னொரு பெரிய வேறுபாடு 1983-இல் நேர்ந்தது. அந்த ஆண்டு இந்தியா தன் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவைச் சேர்த்தது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை தனிக் குற்றமானது. மூன்றாண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. இலங்கை இப்படி ஒரு பிரிவை உண்டாக்கவே இல்லை. அங்கே மனைவியை அடித்தவன் மீது போடக்கூடியது, தெருவில் எவனையோ அடித்தவன் மீது போடும் அதே காயப்படுத்தல் பிரிவுதான்.

இதெல்லாம் புத்தகத்தில். நடப்பைப் பார்க்க ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பது, இரண்டு பிள்ளைகள். வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கணவன் அவள் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்து முறுக்குகிறான். விரல் வீங்குகிறது. எலும்பு முறிந்திருக்கிறது, ஆனால் அது எக்ஸ்ரே எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. இந்த எலும்பு முக்கியம். இரு நாட்டுத் தண்டனைச் சட்டங்களிலும் எலும்பு முறிவு என்றால் அது கொடுங்காயம், ஏழாண்டு வரை சிறைக்குரியது. வெறும் வீக்கம் என்றால் சிறு காயம். முறிந்ததா வீங்கியதா என்பதில் வழக்கின் எடையே மாறிவிடுகிறது.

அவளை முதலில் மதுரைப் பக்கம் வைப்போம். வெள்ளி காலை அரசு மருத்துவமனைக்குப் போகிறாள், கணவன்தான் வண்டியில் கூட்டிப்போகிறான். பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டை விரித்து, "எப்படிம்மா அடிபட்டது?" என்று கேட்கிறார். பக்கத்தில் அவன் நிற்கிறான். "படியில விழுந்துட்டேன் சார்." தானே தவறி விழுந்ததாக ஒரு வரி பதிவேட்டில் ஏறுகிறது. ஏ.ஆர். காப்பி என்று நீதிமன்ற வளாகங்களில் சொல்வது இந்தத் தாளைத்தான். ஓராண்டு கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் எடுத்து நீட்டுவார். "அன்றைக்கே விழுந்ததாகச் சொல்லியிருக்கிறீர்களே?" குடும்ப வன்முறை வழக்குகளில் சாட்சியம் முதன்முதலாகக் கெட்டுப்போகும் இடம் காவல் நிலையம் இல்லை, இந்த மேசை. மருத்துவர் அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டிருந்தால் வரி வேறாக இருந்திருக்கும். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். நெரிசலான அவசரப் பிரிவில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

சனிக்கிழமை அக்காவோடு மகளிர் காவல் நிலையம் போகிறாள். இந்த நிலையங்கள் தமிழ்நாட்டின் பெருமை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதலாவது திறந்து, இன்று 200-க்கும் மேல் இருக்கின்றன. பெண் எஸ்.ஐ. பொறுமையாகத்தான் கேட்கிறார். "சரிம்மா, மனு எழுதிக் குடு. திங்கக்கிழமை அவரையும் வரச் சொல்றேன். பேசிப் பாப்போம்." ரசீது கிடைக்கிறது. திங்களன்று அவன் வருகிறான், அவன் அப்பாவும் வருகிறார். இரண்டு மணி நேரப் பேச்சு. இனி அடிக்க மாட்டேன் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். மனு முடித்துவைக்கப்படுகிறது.

எஸ்.ஐ. செய்தது சட்டத்துக்குப் புறம்பா என்று கேட்டால் பதில் எளிதாக இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில், பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்றது. அதே தீர்ப்பு, குடும்பத் தகராறுகளில் முன்விசாரணை செய்யலாம் என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தது. அடுத்த ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கில், 498ஏ என்றதும் தானாகக் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடு என்றது. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில் 14 நாள் முன்விசாரணைக்கு இடம் தருகிறது. கைதை அவசரப்பட்டுப் பயன்படுத்திய காலத்துக்கு அர்னேஷ் குமார் தேவையான கடிவாளம் என்றே நினைக்கிறேன். ஆனால் கைது செய்யாதே என்று சொன்னதை நிலையங்கள் வழக்கே பதியாதே என்று வாசித்துக்கொண்டன. கைதும் பதிவும் வேறு வேறு. பதிந்துவிட்டுக் கைது செய்யாமல் இருக்கத் தாராளமாக முடியும்.

இந்த இடத்தில் 2005 சட்டம் ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்தது: பாதுகாப்பு அலுவலர். தமிழ்நாட்டில் சமூக நலத்துறையின்கீழ் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறார். பெண்ணிடம் விவரம் கேட்டு, முதல் படிவத்தில் நிகழ்வு அறிக்கை எழுதி நடுவருக்கு அனுப்புவது இவர் வேலை. டி.ஐ.ஆர். என்பார்கள். எந்தத் தேதியில் எந்த வகை வன்முறை, சாட்சி யார், என்ன ஆவணம் என்று கட்டம் கட்டமாக உள்ள படிவம். சட்டப்படி மனு நீதிமன்றத்துக்கு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு. அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை. எல்லாம் சரிதான். ஆனால் 2022 நடுவில் நாடு முழுவதும் தேங்கியிருந்த குடும்ப வன்முறை மனுக்கள் சுமார் 4.71 லட்சம். மாவட்டத்துக்கு ஒருவர் என்ற ஏற்பாடு படுமோசமாகப் போதாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாலுக்கா அளவிலும் அலுவலர்களை நியமிக்கும்படி 2025 மே மாதம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

எண்ணிக்கைப் பற்றாக்குறையைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பாதுகாப்பு அலுவலர் வந்ததும் காவல் நிலையத்துக்கு ஒரு வாசல் கிடைத்தது. "அது டி.வி. ஆக்ட், சமூக நலத்துறைக்குப் போங்கம்மா." சட்டத்தின் ஐந்தாம் பிரிவு என்ன சொல்கிறது? புகார் கேட்ட காவலர் அந்தப் பெண்ணிடம் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்பதையும், பாதுகாப்பு அலுவலரையும், இலவசச் சட்ட உதவியையும், 498ஏ புகார் கொடுக்கும் உரிமையையும் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு வரி: இதனால் காவலர் தன் வழக்கமான கடமையிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. இரண்டு வழியும் சேர்ந்தே ஓட வேண்டும் என்பதுதான் அந்த வரி. நடப்பில் ஒன்றைக் காட்டி மற்றதை மூடுகிறார்கள். கடமை தவறும் பாதுகாப்பு அலுவலருக்குச் சட்டம் ஓராண்டுச் சிறையும் 20,000 ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. ஆணையை மீறிய கணவனுக்கும் அதே ஓராண்டு, அதே 20,000. ஐந்தாம் பிரிவை மறந்த காவலருக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. யாரை நம்பி எழுதினார்கள், யாரை நம்பாமல் எழுதினார்கள் என்பது இதில் தெரிகிறது.

இப்போது அதே பெண்ணை வவுனியாவில் வைப்போம். வெள்ளி காலை ஆஸ்பத்திரி. விடுதியில் அனுமதிக்கிறார்கள். அடிதடிக் காயம் என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிப் பொலிசுக்குத் தகவல் போகிறது. பொலிஸ் தரும் சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி அவளைப் பார்க்கிறார். இங்கேதான் இலங்கை எனக்கு ஒரு படி மேலாகப் படுகிறது. காயத்தை எழுதும் வேலை, அதையே தொழிலாகச் செய்யும் ஒரு மருத்துவரிடம் இருக்கிறது. அவள் விழுந்ததாகச் சொன்னாலும் முறுக்கிய விரல் எப்படி முறியும், விழுந்த கை எப்படி முறியும் என்று அவருக்குத் தெரியும். அவள் சொன்னது ஒரு கட்டத்தில், அவர் கண்டது இன்னொரு கட்டத்தில். மதுரை ஏ.ஆர். காப்பியில் இந்த இரண்டும் ஒரே வரியில் கலந்துபோயின.

ஆனால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராகப் பொலிசுக்குப் போனால்? நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகம் என்று ஒரு மேசை உண்டு. வடக்கு கிழக்கில் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் அந்த நேரம் கடமையில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அவள் தமிழில் சொல்வதை ஒருவர் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். "முறுக்கினார்" என்றது "தள்ளினார்" என்று ஆகியிருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? "அக்கா, இப்ப வழக்கெண்டு போனா நீங்களும்தான் அலையோணும். அவரைக் கூப்பிட்டுக் கதைப்பம்." என்ட்ரி விழுகிறது, சிறுகுற்றப் புத்தகத்தில்.

சிறு காயம் என்று ஆனபின் வேறு ஒரு பாதை காத்திருக்கிறது: மத்தியஸ்த சபை. 1988-இன் 72-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. ஊரில் மதிப்புள்ள சிலர் உட்கார்ந்து இரு தரப்பையும் சமரசம் செய்வார்கள். சட்டம் பட்டியலிட்ட சிறு குற்றங்களில், சிறு காயமும் அதில் ஒன்று, இணக்கம் வரவில்லை என்ற சபையின் சான்று இல்லாமல் வழக்குத் தொடுக்க முடியாது. வேலித் தகராறுக்கும் கடன் தகராறுக்கும் அருமையான ஏற்பாடு. அங்கே இரு தரப்பும் சபை முடிந்து அவரவர் வீட்டுக்குப் போவார்கள். இங்கே இருவரும் போவது ஒரே வீட்டுக்கு. சபையில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவனோடுதான் அன்றிரவு அவள் கதவைத் தாழிட வேண்டும்.

இந்தியாவில் இல்லாத ஒரு நல்ல கதவு இலங்கைச் சட்டத்தில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியச் சட்டத்திலும் அவள் சார்பில் வேறு எவரும் மனு போடலாம் என்று பொதுவாக ஒரு சொல் உண்டு, ஆனால் அதைத் தன் வேலை என்று எந்த நிலையமும் எடுத்துக்கொள்வதில்லை. இலங்கையில் பெயர் சொல்லியே கொடுத்திருக்கிறார்கள். நடுவில் வேறு துறை இல்லை, அலைச்சல் இல்லை. நீதவான் அவசரத்தைப் பார்த்து இடைக்காலக் கட்டளை தரலாம், 14 நாளுக்குள் விசாரணைக்குத் தேதி வைக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையாதே, வேலையிடத்துக்கு வராதே, பின்தொடராதே, வீட்டை விற்று அவளைத் தெருவில் விடாதே என்று கட்டளையில் எழுதலாம். ஆயுதத்தைப் பறிக்கச் சொல்லலாம். அவள் தன் உடைமைகளை எடுக்கப் போகும்போது பொலிஸ் கூடப் போகச் சொல்லலாம். இந்தக் கடைசி ஒன்று சிறியதாகத் தெரியும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் அவன் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இதன் மறுபக்கம்: பொலிஸ் கதவைத் திறக்கவில்லை என்றால் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். பாதுகாப்பு அலுவலர் என்று ஓர் ஆள் சட்டத்தில் இல்லை. அவளே சட்டத்தரணி பிடித்துப் போக வேண்டும், அல்லது 1987 முதல் இயங்கும் விமன் இன் நீட் போன்ற ஓர் அமைப்பின் வாசலுக்குப் போக வேண்டும். மதுரையில் புகார் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே விழுகிறது. வவுனியாவில் ஒரே அலுவலகத்துக்குள், இரண்டு புத்தகங்களுக்கு நடுவே விழுகிறது.

ஆணை கையில் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு ஆணை ஒரு காகிதம். அதன் பலம் அதை மீறினால் என்ன நடக்கும் என்பதில் இருக்கிறது. இரு நாடுகளிலும் ஆணை பெறுவது குடியியல் தன்மையுள்ள நடவடிக்கை. அதை மீறுவது குற்றம். சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் இதை அழுத்திச் சொன்னது: குடும்ப வன்முறை மனுவில் எதிர்த்தரப்பு ஆள் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர், அவரை அப்படி நடத்தக்கூடாது. ஆகவே குற்றவியல் இயந்திரம் முழுமூச்சாக உள்ளே வரும் ஒரே கணம் மீறல்தான்.

இந்தியச் சட்டம் இந்தக் கணத்துக்கு நன்றாகவே தயாராகியிருக்கிறது. மீறல், பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்கது, ஜாமீனில் விடத்தகாதது. பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். இருந்தும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இந்தச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் பதிவாகும் வழக்குகள் நாடு முழுவதற்கும் சில நூறுதான். 2022-இல் 498ஏ வழக்குகள் மட்டும் 1.4 லட்சம். லட்சக்கணக்கில் மனு தேங்கியிருக்கும் நாட்டில் ஆணையை மீறுகிறவர்கள் சில நூறு பேர்தானா? நம்பும்படி இல்லை. மீறல் பாதுகாப்பு ஆணைக்குத்தான் பொருந்துமா, ஜீவனாம்ச ஆணைக்கும் பொருந்துமா என்று உயர் நீதிமன்றங்கள் வேறு வேறாகச் சொல்லியிருக்கின்றன. அந்தக் குழப்பமும் சேர்ந்து நிலையங்களை ஒதுங்க வைக்கிறது.

இலங்கையில் மீறலுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2005-இல் ஒரு டொலருக்கு ஏறத்தாழ நூறு ரூபாய். இன்று முந்நூறைச் சுற்றி. அபராதத்தின் உச்சவரம்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது, சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமல். இன்னொரு வரம்பும் உண்டு: கட்டளையின் ஆயுள் அதிகம் போனால் 12 மாதம். இந்தியாவில் பாதுகாப்பு ஆணைக்குக் காலவரம்பு கிடையாது, அவளே வேண்டாம் என்று மனுச் செய்யும்வரை உயிரோடிருக்கும். வவுனியாப் பெண் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவனும் பார்த்துக்கொண்டிருப்பான்.

வீட்டைப் பொறுத்தவரை மதுரைப் பெண்ணின் கை ஓங்கியிருக்கிறது. பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை இந்தியச் சட்டம் நேராகவே தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அவள் கேட்கலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதுவரை 2006-இன் ஒரு தீர்ப்பைக் காட்டி மாமியார் வீடு உன் வீடில்லை என்று பல மனுக்களைத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்கள்.

மீறல் நடக்கும் இரவு எப்படி இருக்கும்? அவன் பத்தே முக்காலுக்குக் கதவைத் தட்டுகிறான். குடித்திருக்கிறான். அவள் 181-ஐயோ 100-ஐயோ அழைக்கிறாள். வவுனியாவில் என்றால் 1938, அல்லது 119. ரோந்து வண்டி வருகிறது. வந்த காவலருக்கு ஆணை இருப்பது தெரியாது. இரு சட்டங்களும் ஆணையின் நகல் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்கின்றன. போயிருக்கலாம், தபாலில், ஒரு கோப்புக்குள். இரவுப் பணியில் இருப்பவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு வண்டியில் ஏறுவதில்லை. ஆணை பெற்ற பெண்களின் பட்டியலை முகவரியோடு ஒரே தாளில் எழுதி நிலைய எழுத்தரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தால் போதும், வண்டி கிளம்பும்முன் பார்த்துவிடலாம். அந்தத் தாளை வைக்கும்படி இரு சட்டங்களிலும் எந்தப் பிரிவும் கேட்கவில்லை.

அதனால் அவளே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் நகலை எடுத்து நீட்டுகிறாள். மதுரைக் காவலர் டார்ச் வெளிச்சத்தில் படித்துவிட்டு, "டி.வி. ஆக்டா? இதுக்குப் பாதுகாப்பு அலுவலர்னு இருப்பாங்களேம்மா, காலைல அங்க சொல்லிருங்க" என்கிறார். பாதுகாப்பு அலுவலரின் அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கும். வவுனியாவில் பொலிஸ் உத்தியோகத்தர் முதலில் பார்ப்பது கட்டளையின் தேதியை. பன்னிரண்டாவது மாதம். "இன்னும் மூண்டு கிழமை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவனை வண்டியில் ஏறச் சொல்கிறார். மூன்று கிழமைக்குப் பிறகு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவளுக்கும் தெரியும், வண்டிக்குள் இருந்து திரும்பிப் பார்க்கிறவனுக்கும் தெரியும்.